நூற்றேழு சதவீதம் சுத்தம்

அக்டோபர் 11, வெள்ளி

தூக்கம்: நாலு மணி பத்து நிமிடம்.

தூக்க டாக்டர் எழுதச் சொன்னார். எத்தனை மணி நேரம் தூங்கினேன், அதற்கு முன் என்ன செய்தேன், மனசில் என்ன ஓடியது. மூன்றாவதை எழுதுவதாக இல்லை. வடிகட்டித் தாள் விற்பவர் ஜனவரியில் கொடுத்த டைரி காலியாகக் கிடந்தது. அதை வீணாக்க மனமில்லாததால் எழுதுகிறேன். நான் இரவு பத்து முதல் காலை ஆறு வரை வேலை பார்க்கிறவள் என்பதால், ஷிஃப்ட் தொடங்கும் தேதியே என் தேதி. எழுதுவது மறுநாள் காலையில், பால் காயும்போது.

இன்று ஆயுத பூஜை. மருந்துக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் எது ஆயுதம் என்று யாரும் யோசிப்பதில்லை. பவுனம்மா (கூடத்தைத் துடைத்து, கண்ணாடிச் சாமான் கழுவுபவர், ஐம்பத்தேழு வயது) கண்ணில் பட்ட அனைத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார். தராசு, அடுப்பு, தீயணைப்பான், என் நாற்காலி. ஈரம் படாமல் தனிக் கண்ணாடி ஜாடிக்குள் மூடி வைத்திருக்கும் பாட்டில்களைக்கூட வெளியே எடுத்து வைத்திருந்தார்.

"அது ஏன் பவுனம்மா வெளிய வந்துச்சு?"

"பாவம் மேடம், வருஷம் பூரா இருட்டுல கெடக்குது. அதுவும் சாமி பாக்கட்டும்."

சந்தனம் ஊறி, ஸ்டாண்டர்டு பாட்டில்களின் லேபிள்களில் மை வழிந்துவிட்டது. ஸ்டாண்டர்டு என்பது எங்கள் படிக்கல். தூய்மை இன்னதென்று உறுதியாகத் தெரிந்த பொடி. அதோடு ஒப்பிட்டுத்தான் மாத்திரையில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று சொல்கிறோம். கையெழுத்து நன்றாக இருப்பவள் நான் மட்டும்தான் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. பதினான்கு பாட்டில்களின் லேபிள்களையும் ஒரேயடியாக ஈரத்துணி சுற்றி ஊறவைத்து உரித்தேன். நேரம் மிச்சம். பதிவேட்டில் உள்ள வரிசைப்படி பாட்டில்களை நிறுத்தினேன். நடுவில் பூசணிக்காய் வைக்க இடம் வேண்டும் என்று பவுனம்மா இரண்டை நகர்த்தி, பிறகு திரும்ப வைத்தார். பொரி கடலை தின்றபடி எழுதி ஒட்டி முடித்தேன். பதினான்கும் அச்சடித்தது போல இருக்கின்றன. கீழே சு.ம. என்று என் சுருக்கொப்பம். சுப்பராயன் மகள் மங்கையர்க்கரசி என்று முழுதாக எழுத எந்த லேபிளிலும் இடம் கிடையாது.

இந்தக் கம்பெனியில் கவனமாக வேலை செய்பவர்கள் குறைவு.

அக்டோபர் 12, சனி

தூக்கம்: ஐந்து மணி.

பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை, இந்த மாதத்தின் முதல் பேட்ச். பி1 வைட்டமின் 111.2 வந்தது. லேபிளில் பத்து மில்லிகிராம் என்று போடுவோம். அலமாரியில் இருக்கும் காலத்தில் கொஞ்சம் கெட்டுப்போகும் என்பதால் எட்டு சதவீதம் கூடுதலாகவே சேர்ப்போம். ஆகவே 108 வர வேண்டும். எங்கள் எல்லை 115. அதைத் தாண்டினால் பேட்ச் நிற்கும். 111 எல்லைக்குள்தான். கையெழுத்துப் போட்டேன்.

காய்கறி: வெண்டை, முள்ளங்கி. முள்ளங்கி முற்றல்.

அக்டோபர் 14, திங்கள்

தூக்கம்: மூன்றே முக்கால்.

பி1: 111.7.

அக்டோபர் 15, செவ்வாய்

தூக்கம் இல்லை. மழை.

வடகிழக்குப் பருவமழை முறைப்படி வந்து சேர்ந்தது. தொழிற்பேட்டை வாசலில் முழங்கால் தண்ணீர். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தேன். எடைக் கூடத்தின் சற்குணம் பிளாஸ்கில் இஞ்சி டீயோடு நின்றார். மாத்திரைக்குள் போகும் ஒவ்வொரு பொடியையும் நிறுத்துக் கொடுப்பவர் அவர். இருபத்திரண்டு வருட சர்வீஸ். மூக்குக் கண்ணாடியின் ஒரு காது உடைந்து, ரப்பர் பேண்டால் கட்டியிருக்கிறார்.

"டீ மேடம்?"

"வேலை நேரத்துல டீ குடிக்கிறதில்ல."

"வேலை இன்னும் ஆரம்பிக்கலையே. மணி ஒம்பது அம்பத்தஞ்சு."

குடித்தேன். விழித்திருக்க உதவும் என்பதால்.

பி1: 112.6.

ஸ்டாண்டர்டு பொடி கரண்டியில் ஒட்டிக்கொண்டு வந்தது. கரண்டி சரியாகக் காயவில்லை போலும். பவுனம்மாவிடம் சொன்னேன். கரண்டியை அவர் முகர்ந்து பார்த்து, "மாட்டுத் தீவனம் வாசம் வருது மேடம்" என்றார். பி1 அப்படித்தான் நாறும்.

அக்டோபர் 17, வியாழன்

தூக்கம்: நாலு.

பி1: 113.5. அதே ஓட்டத்தில் பி6: 104. பி6 முதல் நாளிலிருந்து 104-ஐ விட்டு நகரவில்லை.

மேனேஜர் கோதண்டபாணி, "மங்கை மேடம், டேட்டா பேசுது" என்றார். எதைப் பார்த்தாலும் இதைத்தான் சொல்வார். கேன்டீன் சாம்பாரைப் பார்த்தும் சொல்லியிருக்கிறார்.

அக்டோபர் 18, வெள்ளி

தூக்கம்: நாலரை.

114.2. எந்திரத்தைச் சந்தேகித்தேன். அது செய்வது இவ்வளவுதான்: மாத்திரையைக் கரைத்த நீரை, நுண்ணிய பொடி அடைத்த ஒரு சாண் உலோகக் குழாய் வழியே அழுத்தித் தள்ளும். ஒவ்வொரு வைட்டமினும் குழாயில் ஒவ்வொரு வேகத்தில் ஊர்ந்து, தன் தன் நிமிடத்தில் வெளியே வரும். வரும்போது ஒளியை மறைக்கும். திரையில் ஒரு மலை எழும். மலையின் பரப்பு எவ்வளவோ அவ்வளவு மருந்து. முதலில் ஸ்டாண்டர்டின் மலை, பிறகு மாத்திரையின் மலை. இரண்டையும் வகுத்தால் விடை.

குழாயை மாற்றினேன். கரைப்பானைப் புதிதாகத் தயாரித்தேன். தராசைப் படிக்கல் வைத்துச் சரிபார்த்தேன். ஸ்டாண்டர்டை ஐந்து முறை செலுத்தினேன். ஐந்து மலைகளும் ஒன்றுக்கொன்று அரை சதவீதம்கூட வேறுபடவில்லை. ஐந்தே கால் நிமிடத்தில் பி1 வந்து நின்றது, பள்ளிக்கூட மணி மாதிரி.

விடை: 114.3.

காலையில் பவுனம்மா எந்திரத்தின் மேல் எலுமிச்சம்பழமும் ஏழு மிளகாயும் கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

"யாரோ கண்ணு வெச்சிட்டாங்க மேடம். பக்கத்து கம்பெனியில இவ்ளோ பெரிய மிஷின் இல்ல."

அவிழ்க்கச் சொன்னேன். மிளகாயை மட்டும் அவிழ்த்தார்.

அக்டோபர் 21, திங்கள்

தூக்கம்: ஐந்து.

114.9. எலுமிச்சம்பழத்தால் பயன் இல்லை என்று பதிவு செய்கிறேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

தூக்கம்: மூன்று.

115.5. பேட்ச் நின்றது. எந்திரம் வேறு, ஆள் வேறு, ஆனால் அதே பாட்டில் வைத்துப் பகலில் மறுபரிசோதனை செய்தார்கள். 115.6. ஆக என் கை சுத்தம். திருப்தியாக இருந்தது.

அக்டோபர் 23, புதன்

தூக்கம்: இரண்டரை.

115.9. சற்குணத்துக்கு மெமோ கொடுத்துவிட்டார்கள். பரிசோதனை சரி என்றால் மாத்திரையில் பி1 அதிகம். அதிகம் என்றால் நிறுத்தவர் அதிகம் நிறுத்திருக்கிறார். கண்ணாடியில் ரப்பர் பேண்டு போட்டவரைச் சந்தேகிப்பது எளிது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. சஸ்பென்ஷன் கடிதம் ஏற்கனவே டைப் அடித்தாகிவிட்டது என்று பவுனம்மா சொன்னார். பிரின்டர் பக்கத்தில்தான் அவர் துடைப்பம் இருக்கும்.

இரவு பத்து மணிக்குச் சற்குணம் வாசலில் நின்றார். பிளாஸ்க் இல்லை.

"மேடம், நான் கூடப் போட்டிருந்தா டிரம்ல அந்த அளவு குறைஞ்சிருக்கணுமில்ல? ஸ்டோர்ல கணக்குப் பாத்தாங்க. டிரம்ல கிராம் சுத்தமா இருக்கு."

"மேனேஜர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். 'அப்ப டிரம்லயும் ஏதோ பண்ணியிருக்கே'ன்னாரு."

எனக்குச் சற்குணத்தின் மேல் தனிப்பட்ட கருத்து எதுவும் இல்லை. மனிதர்களை நம்புவது என் வழக்கம் இல்லை. ஆனால் எடையை நம்புவேன். டிரம்மிலிருந்து குறையாத பொடி மாத்திரைக்குள் எப்படிக் கூடும்?

அக்டோபர் 24, வியாழன்

தூக்கம் இல்லை. வரவும் இல்லை, தேடவும் இல்லை.

பேட்ச் 115.9. நேற்று வந்த அதே எண். பன்னிரண்டு நாள் ஏறிய ஒன்று, ஏறுவதை நிறுத்திவிட்டது. கைத்தவறு இப்படி ஓர் இடத்தில் வந்து உட்காராது.

மாத்திரையை விட்டுவிட்டு, டிரம்மில் இருக்கும் மூலப்பொடியையே நிறுத்துப் பரிசோதித்தேன். அது வெறும் பி1, வேறு கலப்பு இல்லை. 99-க்கும் 100-க்கும் நடுவே வர வேண்டும்.

106.8 வந்தது.

எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி செய்தேன். 106.8.

காலையில் மேனேஜர் சீக்கிரம் வந்திருந்தார். காட்டினேன்.

"பாருங்க, நல்ல சப்ளையர்" என்றார்.

"சார், நூறு கிராம் பொடிக்குள்ள நூத்தி ஏழு கிராம் பொடி இருக்காது."

"ஹை ப்யூரிட்டி, மேடம்."

"நூறுக்கு மேல ப்யூரிட்டி கிடையாது, சார்."

யோசித்தார். "டேட்டா பேசுது" என்றார், முன்னைவிடச் சன்னமாக.

நூறு கிராமுக்குள் நூற்றேழு இருக்க முடியாது என்றால், அளக்கும் படிக்கல்தான் இளைத்திருக்க வேண்டும். அக்டோபர் முழுக்க ஓட்டிய பதிவுகளை எடுத்தேன். மாத்திரைகளின் மலைகள் முதல் நாளிலிருந்து ஒரே பரப்பு. ஸ்டாண்டர்டின் மலையை, அன்றன்று நிறுத்த மில்லிகிராமால் வகுத்து வரிசையாக எழுதினேன். நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து, புதன்கிழமை நின்றிருக்கிறது. மாத்திரை கூடவே இல்லை.

இதை ஏன் யாரும் பார்க்கவில்லை? ஒரே இரவின் ஐந்து மலைகள் தமக்குள் ஒத்துப்போகின்றனவா என்று மட்டும்தான் பார்ப்போம். நேற்றைய மலையோடு இன்றைய மலையை யாரும் ஒப்பிடுவதில்லை. நானும்.

அக்டோபர் 25, வெள்ளி

தூக்கம்: நாலு.

ஸ்டாண்டர்டு பொடியில் ஈரம் பார்த்தேன். அதற்கென்று ஒரு கருவி உண்டு. அதிலுள்ள அயோடின் தண்ணீரோடு மட்டும் அளவு பிசகாமல் சேரும். எவ்வளவு அயோடின் செலவானதோ அதை வைத்து எவ்வளவு தண்ணீர் என்று சொல்லிவிடும். 3.9 சதவீதம் என்றது. நூறு மில்லிகிராம் பொடி என்று நான் பெருமையாக நிறுத்ததில் நாலு மில்லிகிராம் மழை.

ஆகவே பாட்டிலை யாரோ சரியாக மூடவில்லை. பவுனம்மாவை நிற்கவைத்துக் கேட்டேன்.

"துடைக்கும்போது மூடியைத் திறந்தீங்களா?"

"நான் எதுக்கு மேடம் தீவனத்தைத் திறக்கப் போறேன்?"

"எலுமிச்சம்பழத்தை எங்க கட்டினீங்க?"

"மிஷின்ல. பாட்டிலுக்குக் கட்டலையே." சற்று யோசித்து, "கட்டியிருக்கணுமோ?" என்றார்.

வழக்கு முடிந்தது என்று பேனாவை மூடினேன். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 106.8-இல் ஈரத்துக்குக் கழித்தால் 102.6. இன்னமும் நூறுக்கு மேல். கிட்டத்தட்ட மூன்று சதவீதம் எங்கிருந்தோ வந்து உட்கார்ந்திருக்கிறது. முதல் நாளே, மழைக்கு முன்பே, 108 வர வேண்டியது 111 ஆகக் குதித்ததே, அந்த மூன்று. அன்று அதற்குக் கையெழுத்துப் போட்டவள் யார் என்பதை இங்கே எழுத அவசியம் இல்லை.

இன்னொன்றும் இடித்தது. மாத்திரைக்குள் போகும் பி1, தையமின் மோனோநைட்ரேட். பாட்டில் லேபிளும் அதையேதான் சொல்கிறது. நைட்ரேட்டை மாத்திரைக்குப் பயன்படுத்துவதற்கே காரணம் அது ஈரத்தை உறிஞ்சாது என்பதுதான். திறந்து வைத்தாலும் உறிஞ்சாது. மூடியைக் குறை சொல்ல முடியாது. பவுனம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம்.

பி1-இன் இன்னொரு உப்பு உண்டு. தையமின் ஹைட்ரோகுளோரைடு, சிரப்புக்குப் போவது. அது காற்றிலிருந்து நாலு சதவீதம் வரை தண்ணீரைக் குடித்துவிட்டு, போதும் என்று நிறுத்திக்கொள்ளும். அதனால்தான் அதை ஈரம் படாத ஜாடிக்குள் வைப்போம். எடுத்தால் இரண்டு மணி நேரம் சூடான அடுப்பில் உலர்த்தித்தான் நிறுப்போம்.

இரண்டும் தண்ணீரில் கரைந்தால் அதே தையமின்தான். எந்திரத்துக்கு வித்தியாசமே தெரியாது. அதே ஐந்தே கால் நிமிடம், அதே மலை. ஆனால் எடை வேறு. நைட்ரேட்டின் மூலக்கூறு எடை 327.36. ஹைட்ரோகுளோரைடு 337.27. வகுத்தேன். காகிதம் எடுக்கப் பொறுமையின்றி உள்ளங்கையில்.

1.03.

102.6-ஐ 1.03-ஆல் வகுத்தால் 99.6.

அதிகாலை நாலு மணி. சிரித்திருக்கிறேன் போல. பவுனம்மா எட்டிப் பார்த்துவிட்டு, எலுமிச்சம்பழத்தை எந்திரத்திலிருந்து அவிழ்த்து என் நாற்காலியில் கட்டினார்.

அக்டோபர் 26, சனி

தூக்கம்: ஒரு மணி.

கணக்கு மட்டும் போதாது. கண்ணால் பார்க்க வேண்டும். 'நைட்ரேட்' பாட்டிலில் ஒரு சிட்டிகை எடுத்து நீரில் கரைத்து, இரண்டு சொட்டு நைட்ரிக் அமிலம், இரண்டு சொட்டு வெள்ளி நைட்ரேட். திரிந்த பால் மாதிரி வெள்ளை வெள்ளையாகக் கட்டி விழுந்தது. குளோரைடு. அது நைட்ரேட்டே இல்லை.

ஜாடிக்குள் இருந்த 'ஹைட்ரோகுளோரைடு' பாட்டிலில் அதையே செய்தேன். நீர் தெளிவாகவே நின்றது. அதே பாட்டிலிலிருந்து இன்னொரு சிட்டிகையைப் புதிதாக நீரில் கரைத்து, கந்தக அமிலம் சேர்த்து ஆறவிட்டு, இரும்பு சல்பேட்டைச் சுவரோரமாக மெல்ல ஊற்றினேன். இரண்டு திரவமும் சந்திக்கும் இடத்தில் பழுப்பு வளையம். காபித் தூளில் செய்த வளையல் போல. அது நைட்ரேட்.

இரண்டு லேபிள்களும் இடம் மாறியிருக்கின்றன. சிரப் ஓட்டம் செப்டம்பரோடு நின்றுவிட்டதால் ஜாடிக்குள் இருந்த பாட்டிலை இந்த மாதம் யாரும் தொடவில்லை. அதனால் அந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை.

லேபிளின் கையெழுத்து நன்றாக இருக்கிறது. அச்சடித்தது போல.

அக்டோபர் 27, ஞாயிறு

தூக்கம்: இல்லை.

துணி துவைத்தேன். மழையில் காயவில்லை. மின்விசிறியின் கீழ் போட்டேன். முள்ளங்கி சாம்பார். பால்காரருக்கு நாளை அரை லிட்டர் போதும் என்று சொன்னேன். குக்கர் வளையம் மாற்ற வேண்டும். அலமாரியைத் துடைத்தேன். மறுபடி துடைத்தேன்.

அறிக்கை வரைவு எழுதினேன்: "ஆயுத பூஜையின்போது லேபிள்கள் ஈரமானதால் புதிதாக எழுதப்பட்டன. அச்சமயம் இரு பாட்டில்களின் லேபிள்கள் மாறி ஒட்டப்பட்டுள்ளன." நல்ல வாக்கியம். இதில் ஆளே இல்லை. லேபிள்கள் தாமாகவே எழுதப்பட்டு, தாமாகவே ஒட்டப்பட்டிருக்கின்றன.

மேனேஜருக்கு வாசித்துக் காட்டப் போன் செய்தேன். மகிழ்ந்துவிட்டார்.

"அப்ப பவுனம்மா சந்தனம்தான் ரூட் காஸ்! எழுதிடுங்க மேடம். சற்குணத்துக்குப் பதிலா அந்தம்மாவுக்கு மெமோ குடுத்துடலாம். டைப் அடிச்சது வீணாகாது, பேரை மட்டும் மாத்தினா போதும்."

சரி என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. குக்கர் விசில் அடிக்கிறது என்று சொல்லிப் போனை வைத்தேன். குக்கர் அடுப்பில் இல்லை.

அக்டோபர் 28, திங்கள்

தூக்கம்: பிறகு எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்குப் போனேன். இரவுக்காரர்கள் வெயிலில் வந்தால் செக்யூரிட்டிக்கு அடையாளம் தெரிவதில்லை. கார்டைக் காட்ட வேண்டியிருந்தது.

மீட்டிங் அறையில் மேனேஜர், எச்.ஆர். பெண்மணி, சுவரோரம் சற்குணம், கதவோரம் துடைப்பத்தோடு பவுனம்மா. எதிரே மிக்சர் தட்டு. யாரும் தொடவில்லை. சற்குணம் புதுக் கண்ணாடி போட்டிருந்தார். விசாரணைக்கென்று வாங்கியிருக்கிறார்.

இரண்டு பாட்டில்களையும் மேசை மேல் வைத்தேன்.

"லேபிள் மாத்தி ஒட்டினது நான்" என்றேன்.

மேனேஜர் சிரித்தார். "மேடம் ஜோக் அடிக்கிறாங்க." பதினெட்டு வருடத்தில் நான் ஒரு ஜோக்கும் அடித்ததில்லை என்பது அவருக்கே தெரியும்.

"பாட்டில நவுத்தினது நான்தானே மேடம், பூசணிக்காய்க்கு?" என்று பவுனம்மா கதவோரத்திலிருந்து சத்தமாகக் கேட்டார். இந்த அம்மாவைக் காப்பாற்றுவது கடினம்.

"நகர்த்தினது நீங்க. பார்க்காம ஒட்டினது நான். ஒரு பாட்டில் லேபிளை எடுத்து, எழுதி, ஒட்டி, இன்னொருத்தர் பாத்துக் கையெழுத்துப் போட்டப்புறம்தான் அடுத்த பாட்டிலைத் தொடணும். அதுதான் விதி. நான் பதினாலையும் மொத்தமா உரிச்சேன்."

"அப்படி ஒரு விதி இருக்கா?" என்றார் எச்.ஆர். பெண்மணி.

"2011-ல எழுதினது."

"யாரு எழுதினது?"

"நான்தான்."

சற்குணத்திடமிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று எடுத்துக்கொண்டேன்.

மேனேஜர் இன்னமும் நம்பவில்லை. "நீங்களா? சான்ஸே இல்ல. ரெண்டும் வெள்ளைப் பொடி. எது எதுன்னு எப்படிச் சொல்றீங்க?" என்றார். நான் செய்யாததை நிரூபிக்கப் பலமுறை பாடுபட்டிருக்கிறேன். நான் செய்ததை நிரூபிக்க நேர்ந்தது இதுவே முதல் முறை. சோதனைக் குழாய்களை எடுத்தேன். ஒன்றில் திரிந்த பால். ஒன்றில் தெளிந்த நீர். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். மிக்சர் தட்டு காலியாகத் தொடங்கியது.

"நானே ஒரு வாட்டி போட்டுப் பாக்குறேன்" என்று மேனேஜர் வெள்ளி நைட்ரேட் சொட்டுக் குப்பியை வாங்கினார்.

"சார், கையுறை."

"ரெண்டு சொட்டுக்கு எதுக்கு மேடம்?"

குப்பியைக் கவிழ்த்ததில் மூன்று விரலிலும் பாதி மிக்சரிலும் சிந்தியது. கழுவச் சொன்னேன். தண்ணி மாதிரிதானே இருக்கிறது என்று கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். மிக்சரைக் குப்பையில் கொட்டினேன். வெள்ளி நைட்ரேட் தோலில் பட்டால் உடனே ஒன்றும் தெரியாது. வெளிச்சம் பட்டுப்பட்டு மெல்ல மெல்ல வெள்ளியாக மாறிக் கறுக்கும். அதைச் சொல்ல வாய் திறந்தேன். அவர் ஏற்கனவே "டேட்டா பேசுது" என்று பேச ஆரம்பித்துவிட்டார்.

சற்குணத்தின் மெமோவை எச்.ஆர். பெண்மணி வாங்கி நாலாகக் கிழித்தார். எனக்கான மெமோவில் பெயர் முழுதாக அடங்கவில்லை. இரண்டாவது வரிக்குப் போனது.

வெளியே வந்ததும் சற்குணம் சைக்கிள் நிறுத்தும் இடத்துக்கு நடந்தார். நானும் கூடவே போனேன்.

"ஞாயித்துக்கிழமையே தெரியுமா மேடம்?" என்றார்.

"சனிக்கிழமையே."

தலையாட்டினார். "நான் அந்த ரெண்டு நாளும் தூங்கல."

"நானும்தான்" என்றேன். இதைத் தூக்க டாக்டருக்காக எழுதுகிறேன்.

தூக்கம்: பகல் பன்னிரண்டு முதல் இரவு எட்டு வரை. செல்போன் இரண்டு முறை அடித்தும் தெரியவில்லை.

அக்டோபர் 29, செவ்வாய்

தூக்கம்: ஏழு.

பழைய பேட்ச்கள் எல்லாவற்றையும் சரியான பாட்டிலை வைத்து மறுபடி ஓட்டினேன். 108.1, 107.8, 108.3, 108.2... தொடக்கம் முதலே எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கின்றன. சற்குணத்தின் கை, ரப்பர் பேண்டோடும்கூட, ஒரு கிராம் பிசகவில்லை.

ஈரம் குடித்த பொடியை, ஆர்வத்துக்காக, இரண்டு மணி நேரம் நூற்றைந்து டிகிரியில் உலர்த்தி நைட்ரேட் என்றே பாவித்து ஓட்டினேன். 111. பன்னிரண்டாம் தேதியின் அதே எண். பிறகு அந்தப் பாட்டிலின் மேல் சிவப்பு மையில் 'அழிக்கவும்' என்று எழுதினேன். ஒரு பாட்டில், ஒரு லேபிள். பவுனம்மா பார்த்துக் கைநாட்டு வைக்கட்டுமா என்று கேட்டார். வைக்கச் சொன்னேன். பிறகு மூடி விஷயமாக மன்னிப்புக் கேட்டேன். "எந்த மூடி?" என்றார்.

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி.

மேனேஜர் எல்லோருக்கும் லட்டுப் பெட்டி கொடுத்தார். மூன்று விரல்கள் கரி மாதிரி. பெட்டியை இடது கையால் நீட்டினார். அப்படியும் பவுனம்மா கண்டுபிடித்துவிட்டார்: "சார், ராக்கெட்டைக் கையிலேயே புடிச்சிருந்தீங்களா?" தோல் உரிந்து புதிது வளரும்வரை போகாது, சுமார் இரண்டு வாரம் என்று நான்தான் விளக்கினேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

தூக்கம்: வெடிச் சத்தத்திலும் ஆறு.

நவம்பர் 4, திங்கள்

தூக்கம்: ஆறரை.

தவறு செய்தவருக்கு மறுபயிற்சி கட்டாயம். தலைப்பு: லேபிள் எழுதி ஒட்டும் முறை. பயிற்சி அளிக்கத் தகுதியுள்ளவர், விதியை எழுதியவர். ஆகவே இரவு பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை நான் எனக்குப் பாடம் நடத்தினேன். ஆசிரியர் கட்டத்தில் கையெழுத்து, மாணவர் கட்டத்தில் கையெழுத்து. இறுதியில் பத்துக் கேள்விகள் கொண்ட தேர்வு. பத்துக்கு ஒன்பது போட்டேன். பத்துப் போட்டால் ஆடிட்டர் சந்தேகப்படுவார்.

பவுனம்மாவுக்குப் புது விதி: இனி ஆயுத பூஜைக்குச் சந்தனம் மூடியில் மட்டும். "மூடியிலயும் வேணாம்னா சொல்லுங்க மேடம், சாமிக்குத் தெரியும்" என்றார். ஜாடியைத் திறந்து சாமி காட்டுவது பற்றி இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.

பன்னிரண்டரைக்குச் சற்குணம் பிளாஸ்கோடு வந்தார். வேலைக்கு வரும் வழியில் கோவிலுக்குப் போய்விட்டு வந்திருக்கிறார். விசாரணைக்கு வாங்கிய கண்ணாடி தலையை வலிக்கிறது என்று ரப்பர் பேண்டுக்கே திரும்பியிருந்தார். கையில் இலையில் மடித்த பிரசாதம். நான் நன்றி சொல்வதற்குள், இலையிலிருந்து விரலால் தொட்டு, என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் பெயருக்கு மேல் ஒரு பொட்டுச் சந்தனம் வைத்துவிட்டார்.

"சற்குணம், லேபிள்ல வைக்கக் கூடாதுன்னு இப்பத்தானே விதி போட்டேன்?"

"ஒரே ஒரு லேபிள்தானே மேடம். நான் பாத்துட்டேன், பேரு சரியாத்தான் இருக்கு." அட்டையை வெளிச்சத்தில் பிடித்து, எழுத்துக் கூட்டிப் படித்தார். "மங்கையர்க்கரசி. இவ்ளோ நீளமா?"

பேனாவை எடுத்து என் குறிப்பேட்டில் சரிபார்த்தவர் கட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

துடைத்துவிடலாம் என்று நினைத்தேன். ஈரத்தோடு துடைத்தால் மை வழியும். காயட்டும் என்று விட்டிருக்கிறேன்.

டீ இரண்டு கப்.